ஒன்பதடி சந்தும் ஆறாவது பந்தும்

ஆரணியில் பட்டுச் சேலைக்கு டிசைன் போடுவது என் தொழில். கிராப் தாளில் கட்டம் கட்டமாகச் சிவப்புப் பென்சிலால் நிரப்பி, அன்னமும் மாங்காயும் வரைந்து கொடுப்பேன். அட்டை குத்துகிறவர் அதைப் பார்த்து, நிரப்பிய கட்டத்துக்கெல்லாம் அட்டையில் ஓட்டை போடுவார். அந்த ஓட்டைப்படிதான் தறியில் நூல் எழும்பும். நான் ஒரு கட்டத்தைத் தப்பாக நிரப்பினால், தறியில் அன்னத்துக்கு மூக்கு கோணிக்கொள்ளும். அதனால் எனக்குக் கணக்கில் பிடிவாதம் அதிகம். கோபமும் அதிகம் என்று என் மனைவி சொல்வாள். அவள் சொல்வதை நான் மறுப்பதில்லை, மறுத்தால் அதற்கும் கோபம் வந்துவிடும்.

தொண்ணூறுகளின் கடைசியில் நடந்த கதை இது. அப்போது எனக்கு இருபத்தேழு வயது. இருபத்து நான்கு வரைக்கும் எங்கள் ஊர் கிரிக்கெட் டீமில் வேகப்பந்து வீசிக்கொண்டிருந்தேன். ஒரு மேட்ச்சில் பவுண்டரிக்குப் போன பந்தைத் துரத்திப் போய்க் கால்வாய்க்குள் விழுந்தேன். வலது முட்டி திருகிக்கொண்டது. வேலூரில் பெரிய டாக்டர் பார்த்துவிட்டு, “நடக்கலாம், ஓடக்கூடாது” என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். ஓடக்கூடாதவனுக்குக் கிரிக்கெட்டில் என்ன வேலை? ஸ்கோர் எழுதினேன், தண்ணீர் கொடுத்தேன், அம்பயராக நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்கினேன். எதுவும் ஒட்டவில்லை. ஆனாலும் அந்தக் கூட்டத்தை விட்டுப் போக மனசு வரவில்லை.

எங்கள் டீமில் பன்னிரண்டு பேர். பாதிப் பேர் தறியில் உட்காருகிறவர்கள், மீதிப் பேர் கடையிலும் ஆபீசிலும் இருந்தவர்கள். மைதானம் என்று ஒன்று ஊருக்கு வெளியே இருந்தது. போக வர ஒரு மணி நேரம். தறிக்காரனுக்கு விடுமுறை அமாவாசை அன்றுதான், அன்று மட்டும் எல்லோரும் மைதானத்துக்குப் போவோம். மற்ற நாட்களில் எங்களுக்கு இருந்தது ஒரு சந்து. விசைத்தறி ஷெட் ஒன்றின் சுவருக்கும் அதே முதலாளியின் கிடங்குச் சுவருக்கும் நடுவில், ஒன்பதடி அகலம், நூறடி நீளம். தறி ஓட்டம் ஏழரைக்கு. அதுவரைக்கும் ஆடிக்கொள்ளுங்கள் என்று முதலாளி விட்டுவைத்திருந்தார்.

“ஒரே ஒரு பந்து உள்ள பூந்து தறியில ஏத்தின என் பாவு மேல உயுந்துச்சின்னு வையி, மறுநாள் இந்தச் சந்துல மாடு கட்டிடுவேன்” என்று மட்டும் சொல்லியிருந்தார்.

பேட் மூன்று. ஒன்று நல்லது, அது கேப்டனுடையது. இன்னொன்று பழசு, விளிம்பெல்லாம் தேய்ந்தது. மூன்றாவது நடுவில் விரிசல் விட்டு நூல் சுற்றியது. காலுக்குக் கட்டும் பேட் இரண்டு ஜோடி. கேப்டன் பட்டு வியாபாரி வீட்டுப் பிள்ளை, என் வயதுக்காரன், பள்ளியிலிருந்து ஒன்றாகத் திரிந்தவன். நன்றாக ஆடுவான். நெட் பிராக்டிஸ் என்றால் அவன் முதலில் இறங்குவான், நாற்பது நிமிடம் ஆடுவான். அவன் பேட், அவன் ஆடுகிறான். அடுத்தவன் இருபது நிமிடம். அதற்குள் ஏழே கால் ஆகிவிடும். மற்ற பத்துப் பேரும் பந்து பொறுக்கிவிட்டு டீ குடிக்கப் போவார்கள். இதற்குப் பெயர் பிராக்டிஸ்.

ஒரு நாள் தாங்க முடியாமல் கத்திவிட்டேன். “பத்துப் பேரு சும்மா நின்னுகினு இருக்கானுங்க. ஒருத்தன் ஆட மத்தவன் வேடிக்கை பாக்கறதுக்கு இதென்ன கூத்தா?”

கேப்டன் தொப்பியைக் கழற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு, “அப்போ நீயே வந்து நடத்தேன்டா. வாய் மட்டும் கிழியுது” என்றான்.

அவன் வேடிக்கைக்குச் சொன்னான். நான் அன்று மாலையே கிராப் தாளை விரித்துவிட்டேன்.

குறுக்கே ஆட்களை எழுதினேன். மேலிருந்து கீழாக நிமிடங்கள். பன்னிரண்டு பேரை மூன்று மூன்று பேராக நான்கு குழுவாக்கினேன். ஒவ்வொரு வேலைக்கும் பதினெட்டு நிமிடம், பிறகு இடம் மாற வேண்டும். முதல் குழு நெட்டுக்குள் பேட்டிங். இரண்டாவது குழு அவர்களுக்குப் பந்து வீச வேண்டும். மூன்றாவது குழு நெட்டுக்குப் பின்னால் மிச்சமிருந்த பத்தடியில். அங்கே பழைய பந்தைக் காலுறைக்குள் போட்டுக் கம்பியில் தொங்கவிட்டேன், தேய்ந்த பேட்டால் அதை நேராக அடித்துப் பழக வேண்டும். நான்காவது குழு சந்தின் கேட்டுக்கு வெளியே தெருவில், டென்னிஸ் பந்தைச் சுவரில் எறிந்து கேட்ச் பிடிக்க வேண்டும். விரிசல் பேட்டையும் அவர்களுக்கே கொடுத்தேன், மெதுவாகத் தட்டி ஒருவருக்கொருவர் கேட்ச் கொடுக்க அது போதும். ஆறு மணிக்கு ஆரம்பித்தால் ஏழு பன்னிரண்டுக்கு எல்லோரும் எல்லாமும் செய்திருப்பார்கள். ஒருவனும் சும்மா நிற்க மாட்டான்.

சந்தின் நீளத்தையும் பிரித்தேன். ஸ்டம்புக்கு ஸ்டம்பு அறுபத்தாறு அடி. பின்னால் தொங்கும் பந்துக்கு விட்டது போக, பந்து வீசுகிறவன் ஓடி வர இருபதடி. வேகமாக வீசுகிறவன் ஐந்து தப்படிக்குள் ஓடி வந்து போட வேண்டும், அதற்கு மேல் வேண்டுமென்றால் கேட்டைத் திறந்து தெருவில் கட்டியிருக்கும் பசுமாட்டுக்குப் பக்கத்திலிருந்து ஓடி வரட்டும். சுவரில் பட்ட பந்து எகிறி ஆளைத் தாக்காமலிருக்க, ஏரியில் மீன் பிடிக்கிறவர்களிடம் பழைய வலை வாங்கி, இரண்டு சுவர்களிலிருந்தும் அரையடி தள்ளித் தொளதொளவென்று கட்டினேன். இறுக்கிக் கட்டிய வலையில் பட்ட பந்து திரும்பப் பாயும். தொளதொள வலையில் அப்படியே செத்துக் கீழே விழும். ஷெட் ஜன்னல்களுக்கு மட்டும் இரட்டை வலை. ஆடுகளத்தில் விரிக்கும் கயிற்றுப்பாயான மேட்டிங் நாலடி அகலத்துக்கு வெட்டிய துண்டுதான், அதை நீட்டிப் போட்டு ஆணி அடித்தோம்.

பிரச்சினை பேட். நெட்டுக்குள் மூன்று பேர், நல்ல பேட் ஒன்று. மாற்றி மாற்றி ஆட வேண்டும். பேட்டை வாங்கு, கொடு, கையுறை கழற்று, ஒரு கதை பேசு என்று ஒவ்வொரு முறையும் ஒரு நிமிடம் போனால் என் கட்டமெல்லாம் நாறிவிடும். அதனால் ஒரு சட்டம் போட்டேன். ஆளுக்கு ஆறு பந்து. ஆறாவது பந்தை ஆடி முடித்ததும் பேட்டைக் கிரீஸ் மேலேயே படுக்க வைத்துவிட்டு, பக்கவாட்டில் இறங்கி வெளியே வர வேண்டும். அடுத்தவன் காலில் பேட் கட்டித் தயாராக நிற்பான், குனிந்து எடுத்து ஆட வேண்டியதுதான். பேச்சு கிடையாது. இந்தச் சட்டம் எனக்கே மிகவும் பிடித்துப்போனது. மாற ஐந்து நொடி ஆயிற்று. கடிகாரம் வைத்துப் பார்த்தேன்.

கேப்டனிடம் அவன் பேட்டைக் கேட்டபோதுதான் சண்டை.

“என் பேட்டுடா அது. கண்டவன்லாம் புடிச்சு ஆடுவானுங்களா?”

“பதினோரு பேரு ஆட்றது மேட்ச்சு. உன் ஒருத்தன் பேட்டுல எத்தினி ரன்னு வரும்? மத்தவன் கையில புடிச்சே பாக்காத பேட்டத் தூக்கினு போய் மேட்ச்சுல ஆட்றானுங்க, அதான் ஜல்தி ஜல்தியா அவுட் ஆவுறானுங்க.”

அவன் முறைத்தான். பிறகு, “சரி, வர்ற டோர்னமெண்ட் வரைக்கும் பாக்கறேன். உன் பேப்பரு ஜெயிக்கலன்னா, நீ இந்தச் சந்துப் பக்கமே வரக்கூடாது. ஸ்கோர் எழுதறதுக்குக்கூட” என்றான்.

“எழுதிக் குடுக்கவா?” என்றேன். வாய்க்கொழுப்பு. வீட்டுக்கு வந்து படுத்தபோதுதான் புரிந்தது. ஆட முடியாதவனுக்கு அந்தச் சந்துதான் மிச்சம். அதையும் பந்தயத்தில் வைத்துவிட்டேன்.

இரண்டு மாதம் பிராக்டிஸ் நடந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், பார்க்கவே அழகாக இருந்தது. ஆறு மணிக்கு விசில், பதினெட்டு நிமிடத்துக்கொரு விசில். வீட்டிலேயே தறி வைத்திருந்த எங்கள் ஓப்பனர் ஒருவன், கைத்தறிக்காரன், பேசவே மாட்டான். அவன்தான் என் சட்டத்துக்கு முதல் பக்தன். ஆறாவது பந்து ஆடியதும் பேட்டை அவன் படுக்க வைக்கிற பக்குவத்தைப் பார்க்க வேண்டும், குழந்தையைத் தொட்டிலில் போடுவதுபோல் சத்தமில்லாமல் வைப்பான். மிஷன் பள்ளியில் கணக்குச் சொல்லித்தரும் சார் ஒருவர் சுழல் பந்து வீசுவார், எங்களைவிடப் பத்து வயது மூத்தவர். அவர்கூட ஒரு நாள், “ஏங்க, எங்க ஸ்கூல் டைம்டேபிள்கூட இவ்வளவு ஒழுங்கா ஓடாதுங்க” என்றார். எனக்குத் தலை கனத்துவிட்டது.

டோர்னமெண்ட் போளூர்ப் பக்கம் ஒரு பள்ளி மைதானத்தில். எங்கள் பிரிவில் மூன்று டீம். இரண்டு ஆட்டம், இரண்டிலும் தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். இருபத்தைந்து ஓவர் மேட்ச். முதல் ஆட்டத்தில் எதிர் டீம் நூற்று இருபத்தெட்டு அடித்தது. நாங்கள் ஆடத் தொடங்கினோம். ஓப்பனர் அருமையாக ஆடினான். சந்தில் வளர்ந்த பேட், வலதும் இடதும் போகாமல் நேராக வந்தது. நாற்பத்தொரு ரன் அடித்துவிட்டான். கேப்டன் மறுமுனையில். நான் பவுண்டரி ஓரம் உட்கார்ந்து கிராப் தாளை மடியில் வைத்துக்கொண்டு மனசுக்குள் டான்ஸ் ஆடிக்கொண்டிருந்தேன்.

பதினேழாவது ஓவரின் ஆறாவது பந்து. முதல் ஐந்து பந்தையும், அன்று முதல் முறையாக, ஓப்பனரே ஆடியிருந்தான். ஓப்பனர் அதைக் கவர் பக்கம் மெதுவாகத் தள்ளினான். ரன் இல்லை. ஆடியதும் பேட்டைக் கிரீஸ் மேல் பக்குவமாகப் படுக்க வைத்தான். பக்கவாட்டில் இறங்கி, நாலு எட்டு நடந்தான்.

மைதானமே ஒரு நொடி புரியாமல் பார்த்தது. கவரில் நின்றவன் பந்தைக் கீப்பரிடம் எறிந்தான். கீப்பர் ஸ்டம்பைத் தட்டினான். அம்பயர் அப்போது ஓவர் என்று சொல்லவே இல்லை. பேட் கோட்டுக்கு உள்ளே கிடக்கிறதே என்று எங்கள் ஆட்கள் கத்தினார்கள். கிடந்தால் என்ன? கையில் பிடித்திருந்தால்தான் அது பேட், இல்லாவிட்டால் மரக்கட்டை. அம்பயர் விரலைத் தூக்கினார். ரன் அவுட். எதிர் டீம்காரர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து சிரித்தார்கள். “இன்னாபா, பேட்ட தூங்க வெச்சிட்டு எங்க கிளம்பிட்ட?” என்று ஒருவன் கேட்டான்.

ஓப்பனர் என்னிடம் வந்து நின்றான். “ஆறு பந்து ஆயிடுச்சேன்னு… பழக்கத்துல…” என்றான். முகம் சுண்டிப்போயிருந்தது. அவன்மேல் என்ன தப்பு? இரண்டு மாதமாகத் தினம் தினம் அவனுக்கு அதைக் கற்றுக்கொடுத்தவன் நான்.

அதோடு போகவில்லை. நிதானமாகக் கவனித்தபோதுதான் இன்னொன்றும் தெரிந்தது. எங்கள் ஆள் எவனும் ரன் ஓடவே இல்லை. அடித்துவிட்டு நின்று, தான் அடித்த அடியை ரசித்துக்கொண்டிருந்தான். ஒன்று ஓடக்கூடிய இடத்தில் நின்றான், இரண்டு ஓடக்கூடிய இடத்தில் ஒன்று ஓடினான். சந்தில் அப்படித்தானே ஆடினோம்? பந்து வலையில் பட்டுச் சாகும், அடுத்த பந்துக்குத் தயாராவோம். பதினோரு ரன் வித்தியாசத்தில் தோற்றோம்.

கேப்டன் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காரவில்லை. சந்தவாசல் தாண்டியதும் எழுந்து வந்தான். “உன் பேப்பர கிழிச்சுப் போட்டுடு. நாளைலேர்ந்து பழைய மாதிரி ஆடிக்கிறோம்.”

“இன்னும் ஒரு மேட்ச்சு இருக்குது. பேச்சு டோர்னமெண்ட் வரைக்கும்.”

“பேஜார் பண்ணாதடா.”

கணக்கு சார்தான் நடுவில் புகுந்தார். “பதினஞ்சு நாள் இருக்குதுங்க. பேச்சு பேச்சா இருக்கட்டும். அவரு திருத்தறாரான்னு பாப்போம்.”

வீட்டுக்கு வந்து தாளை விரித்தேன். எனக்கு என் மேலேயே ஆத்திரம். சேலை டிசைனில் நிரப்பாத கட்டம் என்றால் அங்கே ஒன்றுமில்லை என்று எவனாவது நினைப்பானா? நிரப்பாத கட்டத்திலும் ஊடை என்ற குறுக்கு நூல் ஓடுகிறது, அதுதான் சேலையின் உடம்பு. பத்து வருடமாக அதே தொழில் செய்கிறேன். அப்படியிருந்தும் பந்து என்ற கட்டத்தை மட்டும் நிரப்பி, பந்துக்கும் பந்துக்கும் நடுவில் இருப்பதை வெறும் வெள்ளையாக விட்டுவிட்டேன். கிரிக்கெட்டில் ரன் வருவது அந்த வெள்ளையில்தான்.

மைதானத்துக்குப் போய் ஓடிப் பழகலாமென்றால் இந்தப் பதினைந்து நாளுக்குள் அமாவாசை கிடையாது. சந்துக்குள்ளேயேதான் ஓட வேண்டும். அளந்து பார்த்தேன். ஒன்பதடியில் வலைக்கு ஓரடி, மேட்டிங் நாலு, இரண்டு பக்கமும் இரண்டிரண்டு அடி. ஒருவன் இந்தப் பக்கம், ஒருவன் அந்தப் பக்கம் ஓட இடம் இருந்தது.

மறுநாள் சட்டத்தை மாற்றினேன். தறிச் சாமான் செய்யும் ஆசாரியிடம் பேட் நீளத்துக்கு ஒரு பலகை அறுத்து, கைப்பிடி வைத்து வாங்கி வந்தேன். நெட்டுக்குள் இருக்கும் மூன்று பேரில் ஒருவன் நல்ல பேட்டோடு ஆடுவான். இன்னொருவன் பலகையோடு எதிர்முனையில் நிற்பான். மூன்றாமவன் ஸ்டம்புக்குப் பின்னால் கீப்பர். வலையின் நடுவில் இரண்டு பக்கமும் சிவப்பு நூல் கட்டினேன். பந்து நூலுக்கு ஆடுகிறவன் பக்கம் செத்தால் “வேணாம்”, தாண்டினால் “வா”. குரல் தெருவுக்குக் கேட்க வேண்டும். வா என்றால் ஒன்றல்ல, போய்த் திரும்பி இரண்டு ஓட வேண்டும். பந்து வீசும் குழுவில் சும்மா இருக்கும் இருவர் பந்தைப் பொறுக்கிக் கீப்பருக்கு எறிவார்கள். பேட்டைத் தரையில் தேய்த்துக் கோட்டுக்குள் கொண்டுவராதவன் அவுட், வெளியே போய்த் தொங்கும் பந்திடம் நிற்க வேண்டும். ஆறாவது பந்துக்கும் அதே ஓட்டம். நான் அம்பயர் இடத்தில் நின்று “ஓவர்” என்று கத்திய பிறகுதான் பேட் மாறும். அதுவும் கைக்குக் கை. தரையில் வைத்தவன்தான் அன்றைக்கு எல்லோருக்கும் டீக்காசு கொடுக்க வேண்டும்.

இதில் நஷ்டமும் இருந்தது, மறைக்கவில்லை. முன்பு பதினெட்டு நிமிடத்தில் ஆளுக்குப் பதினைந்து, பதினெட்டுப் பந்து கிடைக்கும். இப்போது இரண்டு ஓவர் கிடைப்பதே பெரிது, அதற்குள் நாக்கு தள்ளியது.

“பந்தக் கொறச்சிட்டு ஓட வெக்கறியேடா. நாம இன்னா போலீசு செலக்சனுக்கா போறோம்?” என்றான் கேப்டன்.

“நீ அன்னிக்கி மேட்ச்சுல எத்தினி ரன்ன வுட்டன்னு சொல்லட்டா? எழுதி வெச்சிருக்கறேன். பதினாலு. பதினோரு ரன்னுல தோத்தோம்.”

அவன் பேட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனான்.

முதல் நாள் பார்க்கச் சகிக்கவில்லை. இரண்டு பேரும் ஒரே பக்கத்தில் ஓடி மோதிக்கொண்டார்கள். சுவர்ப்பக்கக் கையில் பேட் பிடித்து ஓடியவனுக்கு விரல் வலையில் சிக்கித் தோல் உரிந்தது. மூன்றாவது நாள் அவர்களே கண்டுபிடித்துக்கொண்டார்கள்: ஓடும்போது பேட் மேட்டிங் பக்கக் கையில் இருந்தால் சிக்காது, திரும்பும்போது கை மாற்றினால் மறுபடியும் மேட்டிங் பக்கம் வந்துவிடும், அப்போது முகமும் பந்தைப் பார்த்தபடி திரும்பிவிடும். இதை நான் சொல்லித்தரவில்லை, சுவர் சொல்லித்தந்தது. ஒரு வாரத்தில் அந்த இரண்டடியில் ஆட்கள் நேர்கோடாகப் போய் வந்தார்கள். “வா” என்ற சத்தம் கேட்டு, கிடங்கு வாசலில் படுத்திருந்த காவல்காரர் இரண்டு முறை எழுந்து வந்துவிட்டார். முதலாளிகூட ஒரு நாள் ஏழே காலுக்குக் காபி டம்ளரோடு வந்து நின்று பார்த்தார். “ஆட்றதவிட ஓட்றதுதான் ஜாஸ்தியா இருக்குது” என்று சொல்லிவிட்டுப் போனார். நான் அவரிடம் வாயைக் கொடுக்காமல் விசிலை ஊதினேன். என் வாழ்நாளில் அபூர்வமான காரியம் அது.

இரண்டாவது ஆட்டம். எதிர் டீம் வெம்பாக்கம் பக்கத்து ஆட்கள், விவசாய வேலை செய்து உரம் ஏறிய தோள்கள். பந்தை எல்லைக்கு வெளியே தூக்கித் தூக்கி அடித்து நூற்று முப்பத்து நான்கு எடுத்தார்கள். நாங்கள் பவுண்டரி அடித்து அதைப் பிடிக்க முடியாது. அந்த மைதானத்தில் புல் கணுக்கால் அளவுக்கு வளர்ந்திருந்தது. தரையோடு போன பந்து பாதி வழியில் படுத்துவிடும். முதல் ஆட்டமாக இருந்தால் நாங்கள் அந்தப் புல்லைத் திட்டியிருப்போம்.

முதல் ஓவர், மூன்றாவது பந்து. ஓப்பனர் மிட்விக்கெட் பக்கம் தள்ளினான். “வா!” மறுமுனைக்காரன் போய்விட்டான். பந்து புல்லில் கிடந்தது. ஃபீல்டர் ஆற அமர வந்தான். “இன்னொண்ணு வா!” இரண்டு. ஃபீல்டருக்கே ஆச்சரியம். அந்த ஓவர் முடிந்தபோது ஏழு ரன், ஒரு பவுண்டரி கிடையாது. ஆறாவது பந்து ஆடிவிட்டு ஓப்பனர் பேட்டைக் கெட்டியாகப் பிடித்தபடி அம்பயரையே பார்த்துக்கொண்டு நின்றான். “ஓவர்” என்று அம்பயர் சொன்ன பிறகும் நம்பாமல், “ஓவருங்களா?” என்று கேட்டுவிட்டுத்தான் நகர்ந்தான். நான் சிரித்த சிரிப்பில் பக்கத்தில் இருந்தவர் தள்ளி உட்கார்ந்தார்.

எதிர் கேப்டன் பத்தாவது ஓவரில் கோபமடைந்து ஆட்களைக் கிட்டே கொண்டுவந்தான். உடனே எங்கள் கேப்டன் தலைக்கு மேல் தூக்கி இரண்டு பவுண்டரி அடித்தான். அவர்கள் மறுபடி தூரம் போனார்கள். மறுபடி இரண்டு இரண்டாக ஓடினோம். பதினைந்தாவது ஓவருக்கு மேல் அவர்கள் எறிவதெல்லாம் ஸ்டம்புக்கு மேலேயும் பக்கத்திலேயும் போனது. ஒரு எறி கீப்பரையும் தாண்டிப் போய் எங்களுக்கு நாலு ரன் கொடுத்தது. நான் மடியிலிருந்த தாளில், முன்பாக இருந்தால் ஓடாமல் விட்டிருக்கக்கூடிய ஒவ்வொரு ரன்னுக்கும் ஒரு கட்டம் சிவப்பாக்கிக்கொண்டே வந்தேன். முப்பத்தொரு கட்டத்துக்குப் பிறகு பென்சில் மொட்டையாகிவிட்டது.

நடுவில் பயமும் வந்தது. ஓப்பனர் முப்பத்தாறில் கேட்ச் கொடுத்தான். அடுத்தடுத்து மூன்று பேர் போனார்கள். இருபத்தொன்றாவது ஓவரில் ஏழு விக்கெட் போயிருந்தது, இன்னும் பத்தொன்பது ரன். களத்தில் நின்ற கேப்டனோடு சேரக் கணக்கு சார் இறங்கினார். அவருக்கு முப்பத்தேழு வயது. காலில் கட்டிய பேட் அவரைத்தான் தூக்கிக்கொண்டு நடப்பதுபோல் இருந்தது. நான் எழுந்து நின்றுவிட்டேன். தோற்றால் என்ன என்பது எனக்குத் தெரியும். விடிந்ததும் எங்கே போவது என்று தெரியாமல் வீட்டு வாசலில் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

முதல் பந்தை சார் பாயிண்ட் பக்கம் தட்டினார். தட்டிவிட்டு அவர் போட்ட “வா” இருக்கிறதே, பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்சைக் கூப்பிடுகிற குரல். கேப்டன் பாதி வழியில் இருந்தான். இரண்டாவது ரன்னுக்குத் திரும்பும்போது சாரின் பேட் தரையைத் தேய்த்துப் புழுதி கிளம்பியது. இரண்டு! அந்த ஓவரில் எட்டு. அடுத்த ஓவரில் ஒன்று, ஒன்று, இரண்டு, ஒன்று, இரண்டு என்று ஏழு. இன்னும் நாலு தேவை. இருபத்து மூன்றாவது ஓவரில் கேப்டன் ஸ்கொயர் லெக் பக்கம் தள்ளி, போய்த் திரும்பி இரண்டு எடுத்தான். அடுத்த பந்தையும் அதே இடத்துக்குத் தள்ளினான். ஓடினார்கள், திரும்பினார்கள். ஃபீல்டர் எறிந்த பந்து ஸ்டம்பைத் தாண்டி எங்கோ போனது. கேப்டன் கோட்டைத் தாண்டியும் நிற்காமல், பேட்டைத் தூக்கிப் பிடித்தபடி நேராக எங்கள் பக்கமே ஓடிவந்தான்.

வென்றோம். இன்னும் இரண்டு ஓவருக்கு மேல் மிச்சமிருந்தது. எங்கள் மொத்த ஸ்கோரில், கீப்பரைத் தாண்டிய அந்த எறியையும் சேர்த்து, பவுண்டரி ஐந்துதான். மற்றதெல்லாம் எங்கள் கால்களால் வந்த ரன். யார் யாரைக் கட்டிக்கொண்டார்கள் என்று தெரியவில்லை. சாரை இரண்டு தறிக்காரர்கள் தோளில் தூக்க, அவர் “விடுங்கப்பா, இடுப்பு போயிடும்” என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். டாக்டர் சொன்னதையெல்லாம் மறந்து நானும் ஓடினேன். பத்து எட்டு ஓடியதும் முட்டி தன் வேலையைக் காட்டியது. சிரித்துக்கொண்டே நொண்டி நொண்டி நடந்தேன்.

ஸ்கோர் மேசைக்குப் போய்ச் சேர்வதற்குள் கேப்டன் அங்கே கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தான். டோர்னமெண்ட் நடத்துகிறவர் அடுத்த சுற்றுக்கான படிவத்தை நிரப்பிக்கொண்டே, “கோச்சுன்னு ஒரு கட்டம் இருக்குது. உங்களுக்கு யாருனா கீறாங்களா, கோடு போட்டுடவா?” என்று கேட்டார்.

“ஏங்க கோடு போடறீங்க? அதோ, நொண்டிகினு வராரே, அவருதான் எங்க கோச்சு. இனிஷியலோட எழுதுங்க” என்றான் கேப்டன்.

பிறகு என்னைப் பார்த்துத் திரும்பி, “நாளைக்கு ஆறு மணிக்குத்தான? எனக்கு எந்தக் குரூப்பு?” என்றான்.

பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி டோர்னமெண்ட் நடத்துகிறவர் என் முகத்தைப் பார்த்தார். நான் இனிஷியலைச் சொன்னேன். பிறகு கையிலிருந்த கிராப் தாளை விரித்து, கேப்டன் எந்தக் கட்டத்தில் இருக்கிறான் என்று பார்த்தேன்.